மேற்கு ஜன்னலில் காலை வெயில்

நான் எழுதியவற்றில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் நிஜமாகவே ஏதாவது நடக்கக் காரணமாக இருந்தது ஐந்தாறு வரி மட்டும்தான். அது கதை இல்லை, கட்டுரை இல்லை. ஒரு சின்ன அபார்ட்மெண்ட் ஹால் காலை வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று படம் போட்டுத் தரச் சொல்லி, கம்ப்யூட்டருக்கு எழுதிய குறிப்பு. அதை ‘ப்ராம்ப்ட்’ என்கிறார்கள்.

தேனியில் ஒரு கட்டட இன்ஜினியரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நகராட்சிக்குப் போகும் மனுக்கள், வீடு வாங்க வருகிறவர்களுக்கான விளக்கத் தாள்கள், சிமெண்ட் வரவில்லை என்று கடைக்காரருக்கு எழுதும் மரியாதையான கோபம், எல்லாம் என் பொறுப்பு. இது போக, சிற்றிதழ்களில் கதை எழுதுவேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். அதனால் இன்ஜினியர் என்னை ‘ரைட்டரே’ என்று கூப்பிடுவார். வெளியிலிருந்து வருகிறவர்கள், போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதி ஓய்வு பெற்றவன் போல என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் பணிவாகப் பேசுவார்கள். நான் திருத்துவதில்லை.

இன்ஜினியர் அனுமந்தன்பட்டிக்காரர். அப்பா திராட்சைத் தோட்டக்காரர். இவர் போடி ரோட்டில் ஒரு மனை வாங்கி எட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை என்று சின்ன வீடுகள். மேல்பூச்சு முடிந்து தரையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த சமயம். விளம்பரத் தாளில் போட ஒரு படம் வேண்டும். முன்பெல்லாம் மதுரையில் ஒருவரிடம் கொடுத்து முப்பரிமாணப் படம் செய்து வாங்குவோம். ஆள் நன்றாகச் செய்வார், பத்து நாள் ஆக்குவார்.

“இப்பத்தான் எழுதிக் குடுத்தா கம்ப்யூட்டரே படம் போடுதாமே” என்றார் இன்ஜினியர். “எழுதுறதுக்கு நம்மகிட்டயே ஆள் இருக்கே. ரைட்டரே, நீங்க எழுதுங்க. காலையில வெளிச்சம் உள்ள வந்து விழுகணும். பாக்குறவுகளுக்கு அங்கனயே குடியிருக்கணும்னு தோணணும்.”

இத்தனை வருடத்தில் ஒருவர் என்னிடம் வந்து ‘எழுதுங்க’ என்று கேட்டது அதுதான் முதல் முறை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாடு வரை எழுதினேன். தமிழிலேயே எழுதலாம், அதற்குப் புரியும் என்று சொல்லியிருந்தார்கள். அடித்துத் திருத்தி, ஒரு பெயரெச்சத்தை எடுத்து இன்னொன்றைப் போட்டு, கடைசியில் இப்படி வந்தது: “விடியலின் முதல் கதிர், இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும் தரையைத் தயங்கித் தயங்கித் தொடுகிறது. சிறிய வீடு, பெரிய நிம்மதி. தேநீர்க் கோப்பையிலிருந்து எழும் ஆவியில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை. ஜன்னலுக்கு வெளியே மலைகள் மௌனம் காக்கின்றன.”

இரண்டு முறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன்.

படம் வந்தது. தரையில் ஒரு பெண் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆட்டுரல் அளவுக்கு ஒரு டீக்கோப்பை. அதிலிருந்து கிளம்பிய ஆவியில் பாதி அறை மறைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மௌனம் காத்த மலைகள் முழுக்கப் பனி. வாங்க வருகிறவர் பார்த்தால், வீட்டுக்குள் ஏதோ கசிந்து அந்தம்மாள் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வார்.

எதிர் மேசையில் கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் வரையும் பெண் போடிக்காரர். என்னை அண்ணே என்பார். எழுந்து வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேலாகப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்பது நாற்காலி ஆடியதில் தெரிந்தது.

“அண்ணே, தூங்குற தரைன்னு எழுதுனா அது தூங்குற ஆளைத்தான போடும்?”

“அது ஓர் உருவகம்.”

“அதுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. வீட்டுக்குள்ள என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லுங்க. ஹால் எத்தனை அடி, தரை என்ன டைல்ஸ், கேமரா எங்கன நிக்குது, என்ன உயரத்துல, வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது. ஆள் வேண்டாம்.”

பக்கத்து வீட்டில் சமையல் குறிப்பு வாங்குகிற மாதிரி எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரை நாங்கள் போட்ட படங்களைச் சொல்லி மாளாது. பசுமையான மலை என்றால் மூணாறு டீ எஸ்டேட் வந்தது. வெளியே தென்னந்தோப்பு என்றால் தோப்புக்குப் பின்னால் கடல் வந்தது. தேனியில் கடல்! ‘சோபா வேண்டாம்’ என்று எழுதினேன். இரண்டு சோபா போட்டது. வேண்டாத பொருளின் பேரையே எடுக்கக் கூடாதாம், எடுத்தால் அதையே கொண்டு வந்து வைத்துவிடுமாம். என் வீட்டில் இந்த முறை எனக்குப் பல வருடப் பழக்கம் என்பதால் சீக்கிரம் பிடிபட்டது. மின்விசிறிக்கு ஒரு தடவை ஆறு இறக்கை, ஒரு தடவை ஒரு இறக்கை சுவருக்குள் போய்விட்டது. சுவரில் நாள்காட்டி மாட்டச் சொன்னால் எந்த மொழியும் இல்லாத எழுத்தில் தேதி போட்டது. பத்துக்குப் பதினான்கு அடி ஹால் என்று அளவு கொடுத்தாலும், அது பாட்டுக்குக் கல்யாண மண்டபம் கட்டியது. அளவை விட்டுவிட்டு, ‘இருவர் உட்காரும் சோபாவும் ஒரு சின்ன மேசையும் போட்டால் நடக்க மட்டும் இடம் மிஞ்சும் ஹால்’ என்று எழுதிய பிறகுதான் அடங்கியது.

கடைசியில் தேறிய குறிப்பு இது: “வீட்டு விற்பனை விளம்பரத்துக்கான புகைப்படம் போன்ற படம். சின்ன அபார்ட்மெண்ட் ஹால். இருவர் உட்காரும் சாம்பல் நிறச் சோபா, மர மேசை, வெள்ளைச் சுவர், வெளிர் நிற டைல்ஸ் தரை. கேமரா அறையின் மூலையில், நெஞ்சு உயரத்தில். அகலக் கோண லென்ஸ். சுவர்க் கோடுகள் நேராக நிற்க வேண்டும். பால்கனிக் கதவு வழியாக மென்மையான காலை வெயில் சாய்வாகத் தரையில் விழுகிறது. வெளியே தென்னை மரங்கள், தூரத்தில் நீல மலைத்தொடர். ஆளில்லாத அறை.”

அழகாக வந்தது. சோபாவின் ஓரத்தில் தொடங்கி மேசைக்கால் வரை தேன் நிறத்தில் வெயில். நானே போய் அந்தச் சோபாவில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

வரைபடக்காரப் பெண் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். “அண்ணே, ரோட்டுப் பக்கத்து வீடுக நாலும் ஹால் பால்கனி மேக்க பாத்துல்ல இருக்கு? மலை தெரியுறதும் மேக்கதான். அந்த வழியா காலையில எப்படி வெயில் வரும்?”

இதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. “படத்துக்குத் திசை கிடையாதும்மா” என்றேன்.

இன்ஜினியருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. “ரைட்டரேன்னா ரைட்டர்தான்யா!” என்று முதுகில் தட்டினார். விளம்பரத் தாளில் போட்டோம். கீழே, பூதக்கண்ணாடிக்கு வேலை வைக்கும் எழுத்தில், மாதிரிப் படம் என்று ஒரு வரி. போடி ரோட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினோம். ‘தினமும் காலை வெளிச்சத்தில் கண் விழியுங்கள்’ என்ற வாசகமும் என்னுடையதுதான். பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் ஜன்னலோரம் பார்த்து உட்கார்வேன். பக்கத்துச் சீட்டுக்காரர் அதைப் பார்க்கிறாரா என்று பார்ப்பேன். பெரும்பாலும் போனைத்தான் பார்ப்பார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். இன்ஜினியர் கம்பம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தார். நான் போடி ரோட்டுக் கட்டடத்தில் கீழே நாற்காலி போட்டு டைல்ஸ் வண்டிக்குக் காத்திருந்தேன். ஒரு அம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. வெள்ளைச் சேலைக்கு மேலே ஸ்வெட்டர், கண்ணெல்லாம் சிவப்பு. அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் என்றும், ராத்திரி டூட்டி முடிந்து நேரே வருவதாகவும் சொன்னார். சொந்த ஊர் ராயப்பன்பட்டி. வீட்டுக்காரர் குமுளியில் ஏலக்காய்க் கடையில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வருவார். ராயப்பன்பட்டியிலிருந்து தினமும் வந்து போக முடியாமல் தேனியில் வாடகை அறையில் இருக்கிறார், சின்னதாக ஒரு சொந்த வீடு பார்க்கிறார்.

கையில் எங்கள் விளம்பரத் தாள். மடித்து மடித்து, மடிப்பு சரியாக என் தேன் நிற வெயிலின் மேல் விழுந்திருந்தது.

“சார், ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். இந்தப் படத்துல இருக்க மாதிரி காலையில வெயில் உள்ள வருமா?”

இதற்குத்தானே பயந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் வாய் விளம்பர வாய். “என்ன சிஸ்டர் இப்படிக் கேட்டுட்டீக? தாராளமா வரும். ஆறரைக்கு ஆரம்பிச்சா பத்து மணி வரைக்கும் வீடு பூரா வெயில்தான். லைட்டே போட வேண்டாம்.”

அந்தம்மா பெருமூச்சு விட்டார். “அப்பச் சரி, எனக்குத் தோதுப்படாது. நான் எட்டு மணிக்கு வந்து படுக்குற ஆளு. இப்ப இருக்க வாடகை ரூம்புல வெயில் மூஞ்சியில அடிச்சு, மூணு மாசமா சரியா உறக்கமே இல்ல. இருட்டா ஒரு வீடு தேடிக்கிட்டிருக்கேன். வரேன் சார்.”

ஸ்கூட்டரை நோக்கி நடந்துவிட்டார்.

பின்னாலேயே ஓடினேன். “சிஸ்டர், சிஸ்டர், நில்லுங்க! காலையில வெயில் வராது!”

“இப்பத்தான வீடு பூரா வரும்னீக?”

“அது பொய். படம் கம்ப்யூட்டர் போட்டது. வெயிலை நான்தான் எழுதுனேன். பால்கனி மேக்க பாத்தது. காலையில ஒரு பொட்டு வெயில் வராது.”

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு வந்து குடிக்கவே இல்லை என்று சொல்கிற எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! அந்தப் பார்வைதான். “சார், வெயில் வேணும்ங்கிறவுகளுக்கு வரும்பீக. வேண்டாம்ங்கிறவுகளுக்கு வராதும்பீக. நான் இதைவிடப் பெரிய ஆளுகளை எல்லாம் பாத்துட்டேன்.”

என் வாழ்நாளில் அபூர்வமாக ஓர் உண்மையைச் சொன்னேன், அதுவும் மூச்சு வாங்க ஓடி வந்து. அது இப்படி ஆனது. வேறு வழியில்லாமல் சொன்னேன்: “இப்ப மணி எட்டேகாலு. காலையே இருக்கு, வீடும் இருக்கு. ரெண்டு மாடி ஏறி நீங்களே பாத்துருங்க.”

கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறினார். நான் பின்னால் போகும்போது மேகத்தையெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். அப்புறம்தான், வெயில் இல்லாமல் போனால் மேகத்தால் என்று அந்தம்மா சொல்லிவிடுவாரே என்று உறைத்தது. உடனே வானம் தெளிவாக இருக்க வேண்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

ஹால் நிழலாகக் கிடந்தது. சிமெண்ட் வாசனை, குளிர்ந்த தரை. பளிச்சென்று ஒரு கோடு வெயில் கிடையாது. வெளிச்சம் இருந்தது, ஆனால் அடங்கிய வெளிச்சம். அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நின்றார். படத்தை விரித்துப் பிடித்து, அதையும் ஹாலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஹாலும் படத்துல இருக்கதுல பாதிதான் இருக்கு” என்றார்.

“அது லென்ஸு. அதையும் நான்தான் எழுதுனேன்.”

படுக்கையறைக்குப் போனார். வடக்குப் பக்கம் ஒரே ஜன்னல். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே நின்ற எனக்கு, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் தகப்பன் மாதிரி இருந்தது. வெளியே வந்து, “அப்ப வெயில் எங்கனதான் விழுகுது?” என்று கேட்டார்.

இரண்டு பேரும் தேடினோம். சமையலறையில் இல்லை. கடைசியில் கழிவறைக் கதவைத் திறந்தேன். கிழக்குச் சுவரில் உயரத்தில் இருந்த சின்னத் திறப்பு வழியாக, நான் எழுதிய அதே சாய்வில், அதே தேன் நிறத்தில், காலை வெயில் இறங்கி, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெஸ்டர்ன் கோப்பையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. என் குறிப்பை வரிக்கு வரி நிறைவேற்றியிருந்த ஒரே இடம் அதுதான்.

அந்தம்மா சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இதைப் போட்டிருக்கலாமே சார் ஃப்ளெக்ஸுல!”

அப்புறம் பால்கனிக்கு வந்து நின்றோம். அதுவரை நான் அந்த நேரத்தில் அங்கே நின்றதில்லை. படத்தை எழுதினேனே தவிர, காலையில் மாடியேறி ஒருநாளும் பார்க்கவில்லை. கிழக்கே எழுந்த சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கட்டடத்தின் நிழல் தென்னந்தோப்பின் ஓரம் வரை நீண்டு கிடந்தது. அதைத் தாண்டி, தோப்பு முழுக்க வெயில். அதற்கும் அப்பால் போடி மலை. வெயில் நேரே அதன் முகத்தில் அடித்து, ஒவ்வொரு மடிப்பும் பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. என் படத்தில் இருந்ததோ கலங்கலான நீலக் கோடு.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அந்தம்மா. பிறகு ராத்திரி டூட்டி ஞாபகத்துக்கு வந்துவிட்டது போல, “சாயங்காலம்?” என்றார்.

பொய் சொல்ல எனக்கு இனித் தெம்பில்லை. “மூணு மணிக்கு மேல இந்த ஹால்ல அடிக்கும் பாருங்க வெயில், சட்டி மாதிரி சுடும். பால்கனிக்குத் திரை போட்டே ஆகணும். படுக்கையறைக்கு அவ்வளவா வராது.”

“மூணு மணிக்கு நான் எந்திரிச்சிருவேன்” என்றார்.

மறு வாரம் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பால்கனியில் நின்று குமுளியில் பார்க்காத மலையா என்று சொன்னார். ஆனாலும் வாங்கினார்கள்.

நடந்ததை இன்ஜினியரிடம் சொன்னபோது, முதலில் முகம் சுண்டியது. “ஏன் ரைட்டரே, அந்தம்மா ஒரு ஆளு. மத்தவுக எல்லாம் வெயில் கேக்குறாகளே?”

“வந்து பாத்தா தெரிஞ்சிரும்ல சார். மேல ஏத்திவிட்டுட்டு நான்தான முழிக்கணும்.”

வரைபடக்காரப் பெண்ணும் என் பக்கம் நின்றார். புதுப் படம் போட முடிவானது. இந்த முறை நான் ஒரு வரியும் எழுதவில்லை, முதலில். காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் மாடியேறி, ஹாலின் மூலையிலிருந்து போனில் போட்டோ எடுத்தோம். அதையே கொடுத்து, ‘சுவர், கதவு, அளவு, வெளியே தெரியும் காட்சி எதையும் மாற்றாதே, சோபாவும் மேசையும் மட்டும் சேர், ஹாலில் நேர் வெயில் விழாத மென்மையான நிழல் வெளிச்சம், வெளியே மலையில் காலை வெயில்’ என்று குறிப்பு கொடுத்தோம். அப்போதும் ஒரு தடவை தரையில் வெயிலைக் கொட்டியது. விளம்பரப் படம், காலை என்ற இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அதற்குக் கை சும்மா இருக்காது போல. என்னைப் போலத்தான். ‘மேற்குப் பார்த்த நிழலான அறை’ என்று முதல் வரியிலேயே போட்ட பிறகு கேட்டது. மற்றொன்றில் பால்கனிக் கம்பியில் இரண்டைத் தின்றிருந்தது, அதைத் தனியாகச் சொல்லித் திருத்தினோம்.

வந்த படம் கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் அடக்கமாக இருந்தது. இன்ஜினியர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “ஹால் குட்டியாத் தெரியுதே.”

“குட்டிதான் சார்.”

“மலை நல்லாத்தான் விழுந்திருக்கு” என்று ஒப்புக்கொண்டார். தாளை மாற்றி அடித்தோம். மாதிரிப் படம் என்பதையும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட்டோம். கிழக்குப் பார்த்த நாலு வீட்டுக்குத் தனியாக வேறொரு படம், அதில் வெயிலை வஞ்சனை இல்லாமல் விட்டோம். ஃப்ளெக்ஸை மட்டும் இறக்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. ஆடிக் காற்று வந்து அதைக் கிழித்துக்கொண்டு போனது.

நர்ஸம்மா குடிவந்து ஒரு மாதம் இருக்கும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று இன்ஜினியருக்குப் போன் செய்திருந்தார். நான் பொறுப்பான ஆள் என்று காட்டிக்கொள்ள, பிளம்பரைக் கையோடு கூட்டிக்கொண்டு காலை பதினோரு மணிக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கதவைத் தட்டினேன். ‘சிஸ்டர்!’ என்று குரலும் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. கலைந்த தலை, பாதி மூடிய கண். பின்னால் வீடு கிணறு மாதிரி இருட்டாக இருந்தது.

“மணி என்ன?” என்றார்.

“பதினொண்ணு, சிஸ்டர்.”

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிளம்பர் எனக்கு முன்னால் இரண்டு படி இறங்கிவிட்டார்.

“நாலு மணிக்கு வாங்க” என்று கதவைச் சாத்தினார். “போன் பண்ணிட்டு வாங்க” என்பது கதவுக்கு உள்ளிருந்து கேட்டது.